எழுநூறு பக்கம் கூடத் தாங்காத ரிப்பேர்

டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடிக்கும் லேசர் பிரிண்டரில், விரல் பட்டாலே எழுத்து அழிந்தது. சர்வீஸ் சென்டரில், மைத்தூளைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரின் ஃபிலிம் கிழிந்துவிட்டதாகச் சொல்லி, மாற்றிக் கொடுத்து 2,800 ரூபாய் வாங்கினார்கள். பத்தொன்பதாம் நாள் அதே கோளாறு திரும்ப வந்தது. போன் செய்தால், “அது புது கம்ப்ளெயின்ட் சார், பார்க்கவே 400 ரூபாய்” என்றார்கள்.

முதலில் கோபத்தில் இரண்டு பக்கத்துக்கு ஒரு மெயில் அனுப்பினேன். பதிலே இல்லை. மறுபடி படித்துப் பார்த்தபோது எனக்கே புரிந்தது: அதில் என் மன உளைச்சல் இருந்ததே தவிர, ஜாப் ஷீட் எண்கூட இல்லை.

“இது புதுக் கோளாறு” என்ற ஒரே வாதத்தைத்தான் உடைக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை செய்தேன். அச்சாகிக்கொண்டிருக்கும்போதே, தாள் பாதி உள்ளே இருக்கையில் முன் கதவைத் திறந்தால் பிரிண்டர் நின்றுவிடும். தாளை மெல்ல உருவிப் பார்த்தேன். ஃபியூசருக்குள் போகாத பகுதியில் எழுத்து பளிச்சென்று இருந்தது. அங்கே டோனர் இன்னும் வெறும் தூள்தான், தொட்டால் அழியும். ஃபியூசரைத் தாண்டிய பகுதியில்தான் இழுவல், அதுவும் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப. டோனரிலோ, எழுத்தைத் தாளில் பதிக்கும் டிரம்மிலோ குறை இருந்தால் ஃபியூசருக்குள் போகாத பகுதியிலேயே தெரிந்திருக்கும். ஆக, குற்றவாளி அவர்கள் கைவைத்த அதே இடம். (ஃபியூசர் பக்கம் கை வைக்காதீர்கள், சுட்டுவிடும்.)

அப்புறம் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிட்டேன். மொத்தப் பக்க எண்ணிக்கை அதில் இருக்கும். ரிப்பேர் முடிந்த அன்று சோதனைக்காக அவர்களே அடித்துக் கொடுத்த தாளில் 41,212, இப்போது 41,836. இடையில் 624 பக்கம்தான் ஓடியிருக்கிறது. அந்தத் தாளைக் குப்பையில் போடாமல் பில்லோடு வைத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

இரண்டாவது கடிதம் அரைப் பக்கம். அதன் முக்கிய வரிகள்:

“மேற்கண்ட ஜாப் ஷீட்டின்படி தாங்கள் மாற்றிய ஃபியூசர் ஃபிலிம், 624 பக்கங்களுக்குள் மீண்டும் பழுதாகியுள்ளது. பாதியில் நிறுத்திய தாள், இரண்டு எண்ணிக்கைத் தாள்கள், பில் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தரவும். இயலாவிடில் 2,800 ரூபாயைத் திருப்பித் தரவும். தவறினால் சேவைக் குறைபாடு என நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.”

மெயிலோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பினேன். மிரட்டுவதற்காக அந்தக் கடைசி வரியை எழுதவில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் பதியலாம்.

நான்காம் நாள் மேலாளரே கூப்பிட்டார். மெக்கானிக் வந்து கழற்றிக் காட்டினார்: புது ஃபிலிமின் ஓரம் கிழிந்து சுருண்டிருந்தது. அதை அழுத்தும் ரப்பர் உருளை தேய்ந்துபோன பழசு. “இதையும் அப்பவே மாத்தியிருக்கணும் சார்” என்று அவரே முணுமுணுத்தார். உருளைக்குத் தனியாகக் காசு கேட்பார்களோ என்று பார்த்தேன், கேட்கவில்லை.

புது ஜாப் ஷீட்டில் ‘கட்டணம் இல்லை’ என்று எழுதினார். பக்க எண்ணிக்கையையும் எழுதச் சொல்லி, எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.