ஆறாவது சுற்றில் சொல்லப்பட்ட ஒரு "சரி"

ஊதிய ஒப்பந்தப் பேச்சின் ஆறாவது சுற்று. பேக்கிங் பிரிவின் உற்பத்தி அளவு ஷிப்டுக்கு 420 பெட்டி. அதைப் பற்றி மேலாளரும் சங்கச் செயலாளரும் பேசிக்கொண்டது மொத்தமே இரண்டு வரிதான்.

"5,200 கொடுக்கணும்னா 460 பெட்டி வரணும்."

"சரிங்க சார், பார்த்துக்கலாம். 5,200-ஐ மூணு வருஷத்துக்கு எப்படிப் பிரிச்சுத் தருவீங்க, அதைச் சொல்லுங்க."

நிர்வாகத்தின் தரப்பில் கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். எங்கள் மினிட்ஸ் ஆங்கிலத்தில்தான் போகும். அதில் இந்த இரண்டு வரியும் இரண்டு தனிப் பத்தியாக விழுந்தன. ஒன்று, உற்பத்தி அளவு 460, 'அக்ரீடு'. இன்னொன்று, 5,200 ரூபாய் ஊதிய உயர்வைப் பிரிப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசப்படும்.

செயலாளர் "சரி" சொன்னார், நான் 'அக்ரீடு' என்று எழுதினேன். கேட்டதைத்தானே எழுதினேன் என்று இன்றும் பல நேரம் தோன்றுகிறது. ஆனால் கடலூர்ப் பக்கம் பேச்சுவார்த்தை மேசையில் "சரி" என்பதற்கு நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்ற பொருளும் உண்டு. தொலைபேசியில் பேசும்போது நிமிடத்துக்கு நாலு "சரி" சொல்கிறோம். நாலும் சம்மதம் ஆகாது. "பார்த்துக்கலாம்" இன்னும் வழுக்கும். செய்துவிடலாம் என்றும் கொள்ளலாம், இப்போது அது வேண்டாம் என்றும் கொள்ளலாம்.

சொல்லை மாற்றியதைவிடப் பெரிய பிழை பத்தியைப் பிரித்தது. மேலாளர் சொன்னது ஒரே முன்மொழிவு: பணம் உண்டு, அதற்கு 460 நிபந்தனை. பிரித்து எழுதியதும் நிபந்தனை மட்டும் முடிந்த விஷயமாகிவிட்டது, பணம் இன்னும் பேச வேண்டிய விஷயமாக நின்றது. தலைகீழாகப் பிரித்திருந்தால் நிர்வாகம் மாட்டியிருக்கும்: 5,200 ஒப்புக்கொண்டது, உற்பத்தி பிறகு. நிபந்தனையோடு வந்த எதையும் ஒரே வாக்கியத்தில், "இருந்தால்", "என்ற நிபந்தனையில்" போன்ற சொல் விடாமல் எழுத வேண்டும். வாக்கியம் நீண்டாலும் பரவாயில்லை.

ஒன்பதாம் நாள் பேக்கிங் பிரிவு அறிவிப்புப் பலகையில் 460 ஏறியது. அன்றைக்கு நடைமுறையில் இருந்தது 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டம். அதன் நான்காம் அட்டவணையில் வரும் பணி நிலைமை எதையும் மாற்றுவதற்கு 9ஏ பிரிவுப்படி அறிவிப்புக் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தின்படி செய்யும் மாற்றம் என்றால் அந்த அறிவிப்பு தேவையில்லை. நிர்வாகம் பிடித்துக்கொண்டது அந்த விலக்கை. காட்டிய காகிதம் என்னுடைய மினிட்ஸ்.

அது ஒப்பந்தம் ஆகுமா? ஆகாது. சமரச நடவடிக்கைக்கு வெளியே எழுதும் ஒப்பந்தம் என்றால், விதி சொல்லும் முறைப்படி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், அதன் நகல் அரசு அதிகாரிக்கும் சமரச அலுவலருக்கும் போக வேண்டும். மினிட்ஸில் அந்த முறைப்படி எதுவும் இல்லை. ஆனாலும் பிரச்சினை சமரச அலுவலர் மேசைக்குப் போனால், "நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று நீட்ட அந்தத் தாள் போதும். 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 21 நாள் அறிவிப்பும் ஒப்பந்தத்துக்கான விலக்கும் அதிலும் இருப்பதால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

கையெழுத்து என்று சொன்னேன். ஐந்து சங்கப் பிரதிநிதிகளும் போட்டது வருகைக் கையெழுத்து என்றுதான் நினைத்தார்கள். வருகைப் பட்டியல் தனித் தாளில் இல்லை. கடைசிப் பக்கத்தில், முடிவுகளுக்குக் கீழே இருந்தது. ஒரு தாள் மிச்சம் பிடிக்கும் வழக்கம் அது. இப்போது வருகைத் தாள் முதல் பக்கம், கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்தாகிவிடும். கடைசிப் பக்கக் கையெழுத்துக்கு மேலே தமிழில் ஒரு வரி இருக்கும்: "படித்துக் காட்டப்பட்டது, பேசியவை சரியாகப் பதிவாகியுள்ளன என்பதற்கு மட்டும் இக்கையெழுத்து, ஒப்பந்தம் ஆகாது."

வேலைநிறுத்த நோட்டீஸ் பற்றிப் பேச்சு எழுந்தபோது செயலாளர் என் மேசைக்கு வந்தார். கோபமாக வரவில்லை.

"தம்பி, நான் சரின்னு சொன்னா பொதுக்குழுவுல வைக்கிறேன்னு அர்த்தம். எனக்கு மட்டும் அதை ஒத்துக்க அதிகாரம் ஏது?"

அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உற்பத்தி அளவு, ஒப்பந்தக் காலம் இரண்டையும் பொதுக்குழுவில் வைக்காமல் அந்தச் சங்கம் முடிப்பதில்லை. நிர்வாகத்தின் பக்கமும் அப்படித்தான். மேலாளர் சொல்லும் தொகைக்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். பேசுகிறவருக்கு எதுவரை அதிகாரம் என்று முதல் சுற்றிலேயே கேட்டு எழுதி வைத்திருந்தால் 'அக்ரீடு' என்ற சொல்லுக்கே இடம் இருந்திருக்காது.

திருத்தத்தை ஏழாவது சுற்றின் முதல் பொருளாக வைத்தோம். பழைய தாளை அழிக்கவில்லை, மாற்றி அச்சடிக்கவும் இல்லை. இரண்டு மினிட்ஸ் உலவினால் யாரும் எதையும் நம்ப மாட்டார்கள். புதிய குறிப்பில் இப்படி எழுதினோம்: "ஷிப்டுக்கு 460 பெட்டி என்ற நிபந்தனையில் ரூ.5,200 தர நிர்வாகம் முன்வந்தது. நிபந்தனையைச் சங்கம் கேட்டுக்கொண்டது. அதற்குப் பதில் சொல்லவில்லை. தொகையைப் பிரிக்கும் முறையைக் கேட்டது." அறிவிப்பு பலகையிலிருந்து இறங்கியது.

இதற்குப் பிறகு, முழு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை எந்த அம்சமும் எவரையும் கட்டுப்படுத்தாது என்ற வரியை ஒவ்வொரு மினிட்ஸின் தலையிலும் போட ஆரம்பித்தேன். இதுவே மருந்து என்று நினைத்தேன். இரண்டு சுற்றில் அதன் குறை தெரிந்தது. கேன்டீன் கட்டணம், பண்ருட்டி வழித்தடப் பேருந்தின் நேரம் என்று உண்மையிலேயே முடிந்துபோன சின்ன விஷயங்களும் அந்த வரிக்குள் அடங்கி, மறுபடி மறுபடி மேசைக்கு வந்தன. இப்போது அப்படிப்பட்டவற்றுக்கு "தனியாக முடிந்தது, இன்ன தேதி முதல் அமல்" என்று சேர்க்கிறேன். கூட்டம் கலையும் முன் கால் மணி நேரம் ஒதுக்கி, முடிவு வரிகளை மட்டும் தமிழில் உரக்கப் படிக்கிறேன். ஆட்சேபம் அங்கேயே வரும். மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று எழுதுவதை விட்டுவிட்டேன். இரவு ஷிப்டில் இருக்கும் பிரதிநிதி அந்தத் தாளைப் பார்ப்பதே நாலாம் நாள்தான்.

சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதுவதுதான் சரி என்று வாதிடுவேன். என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆடுகிறது. அந்தப் பக்கத்தில் "செ: சரி" என்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு டிக். "பார்த்துக்கலாம்" அங்கே இல்லை. மேலே எழுதிய உரையாடல், செயலாளரும் நானும் பிறகு பேசிப் பேசி ஒப்புக்கொண்ட வடிவம். தலை குனிந்து 460 என்ற எண்ணை எழுதிக்கொண்டிருந்த அந்த நொடியில் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மேலாளர் இன்றுவரை, "அவர் தலையாட்டினார், நான் பார்த்தேன்" என்றுதான் சொல்கிறார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் 440 பெட்டிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. முந்தைய சுற்றுகளில் நினைத்ததை நினைத்தபடி பேசிய செயலாளர், ஏழாவது சுற்றிலிருந்து ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் என் பேனாவைப் பார்க்கத் தொடங்கினார். பேச வேண்டியதை அவரும் மேலாளரும் டீ இடைவேளையில் வராந்தாவில் பேசிவிட்டு, முடிவை மட்டும் உள்ளே கொண்டுவந்தார்கள். வராந்தாப் பேச்சுக்கு மினிட்ஸ் கிடையாது. மேசையில் மேலாளர் ஏதாவது எண் சொன்னால் செயலாளர் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டோம்னு எழுதிக்குங்க தம்பி" என்பார். நானும் அப்படியே எழுதுவேன்.