ஒரு தறையாணி, நான்கு வழிகளில் தோல்வி: மேற்படிவு மூட்டைச் சோதித்துப் பார்த்த குறிப்புகள்

சைக்கிளின் பின் கரியரில் வைப்பதற்காக நான் செய்த அலுமினியப் பெட்டியின் அடித்தகடு, கல்லடிச் சந்தையிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த மூன்றாம் நாளே ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. ஆணிகள் ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வோர் ஆணியும் தன் துளையிலிருந்து தகட்டின் விளிம்பு வரை ஒரு சிறு நாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஆணி வலுவில்லாததால்தான் மூட்டுப் போகும் என்று அதுவரை நினைத்திருந்த எனக்கு, ஆணி முழுதாக இருக்கத் தகடு தோற்றது புதிதாகத் தெரிந்தது. பெட்டியைத் திருத்துவதற்கு முன் இதை அளந்து பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இரண்டு தகடுகளின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்துத் தறையாணி அடித்தால் அது மேற்படிவு மூட்டு. அதை இழுக்கும்போது நான்கில் ஒன்று நிகழலாம். ஆணி வரிசையின் குறுக்கே, துளைகளுக்கு இடையில் மீந்திருக்கும் தகடு அறுந்து போகலாம். ஆணியின் தண்டு, இரண்டு தகடுகளும் சந்திக்கும் தளத்தில் வெட்டுண்டு போகலாம். ஆணி, துளையின் சுவரை நசுக்கித் துளையை நீள்வட்டமாக்கலாம். துளைக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள பகுதி கிழிந்து வெளியேறலாம். என் பெட்டிக்கு நேர்ந்தது இதுதான். நான்கில் எது மிகக் குறைந்த விசையில் நிகழுமோ அதுவே மூட்டின் பலம். அந்தப் பலத்தை, துளையே இல்லாத அதே அகலத் தகட்டின் பலத்தால் வகுத்தால் மூட்டின் வினைத்திறன் கிடைக்கும்.

சோதிப்பதற்கு ஒரு நெம்புகோல் செய்தேன். 110 சென்ரிமீற்றர் நீளமான இரும்புக் குழாயின் ஒரு முனையைச் சுவரில் பொருத்திய கொளுக்கியில் மாட்டி, அங்கிருந்து 20 சென்ரிமீற்றரில் சோதனைத் துண்டையும், 100 சென்ரிமீற்றரில் வாளியையும் தொங்கவிட்டேன். வாளியில் போடும் ஒவ்வொரு கிலோவும் துண்டின் மேல் ஐந்து கிலோவாக விழும். காய்ந்த கடற்கரை மணலைச் சிரட்டையால் மெல்ல ஊற்றி, துண்டு போன கணத்தில் நிறுத்தி, வாளியை மணலோடு மீன் நிறுக்கும் தொங்கு தராசில் நிறுத்தேன். வாளிக்கு நான்கு விரல் கீழே செங்கற்கள் அடுக்கியிருந்ததால், விழும்போது காலுக்கு ஆபத்து இருக்கவில்லை. முதல் மாலை எடுத்த எண்களை எல்லாம் பின்னர் திருத்த வேண்டியதாயிற்று. குழாயின் சொந்த எடையை மறந்துவிட்டேன். 2.4 கிலோ எடையுள்ள குழாயின் நடுப்பகுதி 55 சென்ரிமீற்றரில் இருப்பதால், வாளி காலியாக இருக்கும்போதே துண்டின் மேல் 6.6 கிலோ விழுகிறது.

முதலில் பொருளின் பலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, ஏனெனில் கடையில் வாங்கிய தகட்டில் எந்தக் குறியும் இல்லை. 1 மில்லிமீற்றர் தடிப்பான தகட்டில், நடுவில் 10 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒடுக்கிய ஒரு துண்டு, வாளி 21.1 கிலோவாக இருந்தபோது அறுந்தது. அது 112 கிலோ, அதாவது 1100 நியூற்றன். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 110 நியூற்றன். ஆணிகள் ஐந்தின் கீழ் முப்பத்திரண்டு அங்குல அலுமினியத் தறையாணிகள்; அடித்த பிறகு 4 மில்லிமீற்றர் துளையை அவை முழுவதும் நிரப்பிவிடுகின்றன. தகடு முந்திக்கொள்ளாதபடி அவற்றைத் தடித்த இரும்புப் பட்டிகளில் அடித்து இழுத்தபோது, ஓர் ஆணி 880 நியூற்றனில் வெட்டுண்டது. ஆணியின் குறுக்குவெட்டு 12.57 சதுர மில்லிமீற்றர் என்பதால் வெட்டுத் தகைப்பு 70. நசுக்கலுக்கு, 4 மில்லிமீற்றர் துளையிடும் ஊசியின் மழமழப்பான அடிப்பகுதியை ஆணிக்குப் பதிலாகச் செருகி, அகலமும் விளிம்பும் தாராளமாக விட்ட தகட்டை இழுத்தேன். 840 நியூற்றனை எட்டியதும், மணல் சேர்க்காமலே ஊசி தகட்டை உழுதுகொண்டு நகர்ந்தது. நசுங்கும் பரப்பாக விட்டத்தையும் தடிப்பையும் பெருக்கி எடுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் தகைப்பு 210.

இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் கணக்கு மிகவும் எளிது.

```
அறுதல்      Pt = (p − d) × t × 110
வெட்டு      Ps = (π/4) × d² × 70
நசுக்கல்     Pc = d × t × 210
வினைத்திறன்  η = (குறைந்த P) / (p × t × 110)
```

இங்கே p என்பது ஆணிக்கு ஆணி இடைத்தூரம், d துளையின் விட்டம், t தகட்டின் தடிப்பு. நீண்ட மூட்டில் ஒவ்வோர் ஆணிக்கும் p அகலத் தகடு பங்காக வருவதால், அந்த அகலத்தில் ஓர் ஆணியோடு ஒரு துண்டைச் செய்து இழுத்தாலே போதும்.

முதல் துண்டை 10 மில்லிமீற்றர் அகலத்தில் செய்தேன். துளை போக மீந்த தகடு 6 மில்லிமீற்றர்தான். ஆகவே 660 நியூற்றனில் அறுந்திருக்க வேண்டும். துண்டு 634 இல் அறுந்தது. கிழிசல் துளையின் இருபுறமும் நேராக ஓடியிருந்தது. ஆணி சற்றும் சேதமின்றி ஒரு பாதியில் நின்றது. இதன் கணக்குப்படியான வினைத்திறன் 60 சதவீதம்.

தகடு அறுகிறதே என்று அடுத்த துண்டை 20 மில்லிமீற்றராக அகட்டினேன். அறுதல் பலம் 1760 ஆக உயர்ந்தது, ஆனால் ஆணி அதே ஆணிதான். 840 நியூற்றனில் நசுக்கல் வந்துவிடும். முழுத் தகடு 2200 நியூற்றன் தாங்கும் என்பதால் வினைத்திறன் 38 சதவீதமாக இறங்கிவிட்டது. தனித் துண்டாகப் பார்த்தால் இது முந்தியதைவிட வலுவானது. மூட்டாகப் பார்த்தால், வாங்கிய தகட்டில் பாதிக்கு மேல் வீண். தகர வேலை செய்யும் எங்கள் மாமா இதை எந்தக் கணக்கும் இல்லாமல் சொன்னார்: "நெருக்கி அடிச்சா தகடு போகும் மகன், அகட்டி அடிச்சா ஆணி போகும்." எவ்வளவு நெருக்கம் என்று கேட்டதற்கு, ஆணியின் மூன்று மடங்கு என்று விரலால் காட்டினார்.

மூன்று மடங்கு என்றால் 12 மில்லிமீற்றர். அதைக் கணக்கில் போட்டதும் எனக்குச் சற்று வியப்பாக இருந்தது. அறுதல் 880, வெட்டு 880, நசுக்கல் 840. மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன. முழுத் தகடு 1320 தாங்குவதால் வினைத்திறன் 63.6 சதவீதம். ஆனால் இந்த மூன்று மடங்கு, என் தகட்டின் தடிப்புக்கும் என் ஆணிக்கும் பொருந்திய எண். தகடு இரட்டிப்புத் தடிப்பாக இருந்தால் அறுதலும் நசுக்கலும் இரட்டிக்கும், வெட்டு மட்டும் அங்கேயே நிற்கும். அப்போது இன்னும் பெரிய ஆணியோ, இரண்டாவது வரிசையோ தேவைப்படும்.

விளிம்பைத்தான் அதிக நேரம் சோதித்தேன், ஏனெனில் பெட்டி அதில்தான் போனது. துளையின் மையத்திலிருந்து விளிம்புக்குள்ள தூரம் விட்டத்தின் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும் என்பது பழைய கொதிகலன் தகட்டு வேலையின் வழக்கம். என் பெட்டியில் அதுவும் இல்லை, 5 மில்லிமீற்றர்தான் விட்டிருந்தேன். ஆணி வெளியேறும்போது இரண்டு பக்கமும் தகட்டை வெட்டிக்கொண்டு போகிறது என்று எடுத்து, துளையின் ஓரத்தின் மட்டத்திலிருந்து விளிம்பு வரை மட்டும் கணக்கிட்டால், 3 மில்லிமீற்றர் நீளத்தில் இரண்டு வெட்டுகள். தகட்டுக்கும் வெட்டுத் தகைப்பு ஏறக்குறைய 70 என்று கொண்டால் 420 நியூற்றன். பெட்டியில் ஆணிகள் 25 மில்லிமீற்றர் இடைவெளியில் இருந்தன. அந்த அகலத் தகடு 2750 நியூற்றன் தாங்கும். வினைத்திறன் 15 சதவீதம்! தேங்காயின் மேல் பழி போட இடமில்லை.

5 மில்லிமீற்றர் விளிம்புள்ள துண்டு உண்மையில் 506 நியூற்றன் வரை தாங்கியது. கிழிந்த நாக்கைப் பார்த்தால் காரணம் தெரியும்: வெட்டுகள் நேராகப் போகாமல் விளிம்பை நோக்கி விரிந்து போயிருந்தன, ஆகவே கணக்கில் எடுத்ததைவிட நீளமானவை. 6 மில்லிமீற்றருக்குக் கணக்கு 560, துண்டு 644 இல் கிழிந்தது. ஒன்றரை மடங்கு வழக்கம் என் மெல்லிய தகட்டில் ஆணியின் முழுப் பலத்தையும் பயன்படுத்த விடவில்லை. 8 மில்லிமீற்றருக்குப் போனால், அதாவது இரண்டு மடங்குக்கு, கணக்கு 840 ஆகி நசுக்கலைச் சமன் செய்கிறது. அதன் பிறகு விளிம்பு கிழியவே இல்லை.

இனி 12 இடைத்தூரம், 8 விளிம்பு. இந்த அளவில் மூன்று துண்டுகள் செய்தேன். முதலாவது 810 இல் துளை நீண்டு, ஆணி சரிந்து, தலை தகட்டுக்குள் பாதி புதைந்தது. இரண்டாவதில் 796 இல் ஆணி வெட்டுண்டது. வெட்டு முகம் பளபளவென்று, ஒரு பக்கமாக இழுபட்ட வரிகளோடு இருந்தது. மூன்றாவதில் 776 இல் தகடு அறுந்தது. மூன்று துண்டுகளும் மூன்று விதமாகத் தோற்றதைவிட, பலங்கள் சமமாக இருக்கின்றன என்பதற்கு வேறு நல்ல அடையாளம் கிடைத்திருக்காது. ஆனால் மூன்றுமே 840 ஐ எட்டவில்லை. மேற்படிவு மூட்டில் இரண்டு தகடுகளும் ஒரே நேர்கோட்டில் இழுக்கப்படுவதில்லை, ஒரு தகட்டுத் தடிப்பு விலகியே இழுக்கப்படுகின்றன. அதனால் மூட்டு திரும்ப முயல்கிறது, தகடு ஆணியின் இருபுறமும் S போல வளைகிறது, ஆணியின் தலையும் நெம்பப்படுகிறது. மேலே கொடுத்த சூத்திரங்களில் இதற்கு இடமே இல்லை. மிகக் குறைந்த 776 ஐ எடுத்தால் உண்மையான வினைத்திறன் 58.8 சதவீதம். பாவனைக்கு இதையும் நான்கால் வகுத்து, ஆணிக்கு 194 நியூற்றன், ஏறக்குறைய 20 கிலோ என்று வைத்துக்கொண்டேன்.

கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிய ஒரு துண்டும் உண்டு. தகடுகளை அமுக்கிப் பிடிக்காமல் ஆணியைத் தட்டியதில், தண்டு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் ஒரு மோதிரம் போலப் பிதுங்கிவிட்டது. நகத்தைச் செருகிப் பார்த்தால் இடைவெளி தெரியும். அது 600 நியூற்றனைக்கூட எட்டவில்லை. இப்போது, வெளியே 6 மில்லிமீற்றர் நீட்டி நிற்கும் ஆணியின் மேல் துளையுள்ள இரும்புக் கட்டியை வைத்து, முதல் அடியால் தகடுகளை இறுக்கிய பிறகே தலையை அடிக்கிறேன்.

மாலை நடைக்குப் போகும்போது பழைய கல்லடிப் பாலத்தின் மூட்டுத் தட்டுகளில் ஆணித் தலைகள் ஏன் பல வரிசைகளாக நிற்கின்றன என்பதும் இந்த எண்களைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1924 இல் திறக்கப்பட்ட பாலம் அது. ஆணிகளை இரண்டு வரிசையாக அடித்தால், 20 மில்லிமீற்றர் இடைத்தூரத்தில் அறுதல் 1760 ஆகவே இருக்கிறது, வெட்டு இரட்டித்து 1760 ஆகிறது, நசுக்கல் 1680 ஆகிறது. தகட்டின் 2200 க்கு 76 சதவீதம். துளைகள் அகன்று நிற்பதால் தகடு குறைவாகவே இழக்கிறது, ஆணிகளோ இரண்டு மடங்கு வேலை செய்கின்றன. மூட்டு நீளமாவதால் அந்தத் திரும்பலும் குறைகிறது. என் பெட்டியின் 36 சென்ரிமீற்றர் விளிம்புக்கு, ஒரு வரிசையில் 30 ஆணிகள் வேண்டியிருந்த இடத்தில் இரண்டு வரிசையில் 36 ஆணிகள். ஆறு ஆணிகள்தான் கூடுதல்.

இரட்டை வரிசைத் துண்டை நேற்று மாட்டினேன். 1680 ஐ எட்ட வாளி 32.9 கிலோவாக வேண்டும். 27 கிலோவில் வாளியின் கைப்பிடி கழன்று, மணல் முழுவதும் முற்றத்தில் கொட்டியது. துண்டு அதுவரை 1389 நியூற்றனைத் தாங்கி, துளைகள் வட்டமாகவே இருக்கின்றன. பெட்டியின் அடித்தகட்டுக்கு இரண்டு வரிசைகளையும் 20 மில்லிமீற்றரில் குறித்துவிட்டேன். துண்டை அறுக்க இரும்பு வாளி ஒன்று தேட வேண்டும்.