முதல் கர்ப்பகாலப் பரிசோதனை: தேதிக் கேள்வியும் ரத்த வகையும்

கர்ப்பம் உறுதியான பிறகு மருத்துவரை முதன்முறையாகப் பார்க்கச் சென்ற நாளில், ரத்தம் எடுப்பதற்கும் ஸ்கேனுக்கும் ஆன நேரத்தைவிடக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆன நேரமே அதிகம். அந்தக் கேள்விகளில் பலவும், பின்னால் வரும் ஏதேனும் ஒரு பரிசோதனையின் முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைத் தீர்மானிக்கின்றன என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. முதல் குழந்தையை எதிர்பார்க்கும் பெண்களுக்குப் பயன்படும் என்பதால், எனக்கு மிக முக்கியமாகத் தோன்றிய இரண்டைப் பற்றி, அதாவது மாதவிடாய்த் தேதியைப் பற்றியும் ரத்த வகையைப் பற்றியும், சற்று விரிவாக எழுதுகிறேன்.

உட்கார்ந்ததும் கேட்கப்பட்ட முதல் கேள்வி, கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் தொடங்கியது என்பது. முடிந்த நாளை அல்ல, தொடங்கிய நாளையே கேட்கிறார்கள். நான் ஜனவரி 5 என்றேன். அந்தத் தேதியோடு ஒன்பது மாதங்களையும் ஏழு நாட்களையும் கூட்டினால் அக்டோபர் 12 வருகிறது; பிரசவத் தேதியைக் கணக்கிடும் வழக்கமான முறை இதுதான். கரு உருவாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே கர்ப்பத்தின் வாரங்கள் எண்ணப்படுகின்றன என்பதால், 'ஒன்பது வாரம்' என்று மருத்துவர் சொல்லும்போது கருவின் உண்மையான வயது ஏழு வாரம்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மருத்துவர் தேதியைக் குறித்துக்கொண்டதோடு நிற்கவில்லை. மாதவிடாய் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வரும், தவறாமல் வருமா, கடைசியாக வந்தபோது வழக்கமான அளவில் இருந்ததா, அதற்கு முன்பு கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கரு பதியும் காலத்தில் சிலருக்குச் சிறிதளவு ரத்தக்கசிவு ஏற்படுவதுண்டு. அதை மாதவிடாய் என்று எண்ணிக்கொண்டால் கணக்கு பல வாரங்கள் பிசகிவிடும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் எனக்குச் சுழற்சி முப்பத்தைந்து நாட்கள் என்று சொன்னதும் அவர் கணக்கை மாற்றிப் போட்டார். வழக்கமான கணக்கு இருபத்தெட்டு நாள் சுழற்சியை வைத்து, பதினான்காம் நாளை ஒட்டிக் கருமுட்டை வெளிவருகிறது என்று எடுத்துக்கொள்கிறது. முப்பத்தைந்து நாள் சுழற்சி உள்ளவருக்கு அது பெரும்பாலும் இருபத்தோராம் நாளை ஒட்டியே நடக்கும். ஆகவே எனக்குப் பிரசவத் தேதி ஒரு வாரம் தள்ளி, அக்டோபர் 19 ஆக இருக்கலாம் என்றார்.

அதை உறுதி செய்தது ஸ்கேன். நான் சென்றது மார்ச் 9. மாதவிடாய்த் தேதிப்படி அன்று சரியாக ஒன்பது வாரம் முடிந்திருந்தது. ஸ்கேனில் கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரையிலான நீளத்தை அளந்தார்கள். அது 16 மில்லிமீட்டர் இருந்தது, இதயத் துடிப்பும் தெரிந்தது. அந்த நீளம் ஏறத்தாழ எட்டு வாரக் கர்ப்பத்துக்கு உரியது. முதல் மூன்று மாதங்களில் கருக்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் இந்த அளவு நம்பகமானது. மாதங்கள் செல்லச் செல்ல ஒவ்வொரு குழந்தையின் வளர்ச்சியும் தனித்தனியாக வேறுபடத் தொடங்கும், எனவே பிந்தைய ஸ்கேனை வைத்துத் தேதியை மாற்றுவது சரியாக இராது. சுழற்சியின் நீளமும் ஸ்கேனும் ஒன்றையே சொன்னதால், அக்டோபர் 19 என்பதே என் குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

ஒரு வார வேறுபாட்டுக்கு இவ்வளவு கவனம் தேவையா என்று அப்போது எனக்குத் தோன்றியது. மருத்துவர் அதை என் தேதிகளை வைத்தே விளக்கினார். குழந்தையின் கழுத்துப் பின்புறத்தில் உள்ள நீர்த் தடிமனை அளக்கும் ஸ்கேனைப் பதினொன்றாம் வாரம் நிறைந்ததிலிருந்து பதினான்காம் வாரம் முடிவதற்குள் எடுக்க வேண்டும். குழந்தையின் நீளம் குறைந்தது 45 மில்லிமீட்டர் இருந்தால்தான் அந்த அளவீடு செல்லும். பழைய கணக்குப்படி அந்தக் காலம் மார்ச் 23 அன்று தொடங்குகிறது, திருத்திய கணக்குப்படி மார்ச் 30 அன்றுதான். மார்ச் 25 அன்று நேரம் வாங்கிச் சென்றிருந்தால் குழந்தை போதிய நீளம் வளர்ந்திராது. பிரசவ காலத்திலும் இதே சிக்கல் வரும். தேதி கடந்து ஒரு வாரம் ஆகியும் வலி வராவிட்டால், செயற்கையாக வலியைத் தூண்டுவது பற்றிப் பேசத் தொடங்குவார்கள். பழைய கணக்கில் அந்த நாள் அக்டோபர் 19. உண்மையில் அன்றுதான் எனக்கு நாற்பது வாரமே நிறைகிறது. சரியான தேதி இல்லாமல் போனால், தேவையற்ற தூண்டுதலுக்கு ஒரு பெண் ஆளாகக் கூடும்.

ஆகவே போவதற்கு முன்பு, கடைசி மூன்று நான்கு மாதவிடாய்கள் தொடங்கிய நாட்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவில்லை என்றால் தோராயமான ஒரு நாளை உறுதியானதுபோல் சொல்லாமல், நினைவில்லை என்றே சொல்வது நல்லது. அப்போது மருத்துவர் ஸ்கேனையே முழுமையாக நம்பித் தேதி குறிப்பார்.

அடுத்து, என் கணவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சில கேள்விகளை என்னிடம் தனியாகக் கேட்டார். இதற்கு முன் எப்போதேனும் கருவுற்றதுண்டா, கருச்சிதைவோ கருக்கலைப்போ நேர்ந்ததுண்டா, ரத்தம் ஏற்றிக்கொண்டதுண்டா, வீட்டில் யாராவது அடிப்பதோ மிரட்டுவதோ உண்டா என்பவை அவை. முதல் குழந்தைக்காக வந்திருக்கும் பெண்ணிடம் முந்தைய கர்ப்பத்தைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்று சிலருக்கு மனம் வருந்தலாம். இது யாரையும் எடைபோடுவதற்கான கேள்வி அல்ல. குடும்பத்தினர் அறியாத ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியாகப் பேச வாய்ப்புத் தரப்படாவிட்டால் நாமே கேட்டுப் பெறலாம். இந்தக் கேள்வியின் முழுப் பொருள், ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தபோது எனக்குப் புரிந்தது.

என் ரத்த வகை ஓ நெகட்டிவ் என்று வந்தது. நெகட்டிவ் என்றால், ரத்தச் சிவப்பணுக்களின் மேல் ஆர்எச் டி என்ற புரதம் இல்லை என்று பொருள். என் கணவரின் வகை பாசிட்டிவ் என்பதால், குழந்தைக்கு அந்தப் புரதம் இருக்கக் கூடும். பிரசவத்தின்போதோ, இடையில் ரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, குழந்தையின் ரத்தத்தில் சிறிது தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டால், தாயின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்புரதங்களை உருவாக்கத் தொடங்கும். அவை உருவாகச் சில வாரங்கள் ஆவதால் முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. அடுத்த முறை பாசிட்டிவ் குழந்தை கருவில் வரும்போது, அந்த எதிர்ப்புரதங்கள் நச்சுக்கொடியைக் கடந்து சென்று குழந்தையின் சிவப்பணுக்களை அழித்து, கடுமையான ரத்தசோகையையும் மஞ்சள்காமாலையையும் உண்டாக்கலாம். முன்பு ஒரு கருச்சிதைவு நேர்ந்திருந்தால்கூட இந்த மாற்றம் தொடங்கியிருக்க வாய்ப்புண்டு. மருத்துவர் தனியாகக் கேட்டதன் காரணங்களுள் ஒன்று இது.

எதிர்ப்புரதம் ஏற்கெனவே உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, அதே ரத்தத்தில் மறைமுக கூம்ஸ் பரிசோதனை என்ற ஒன்றைச் செய்தார்கள். எனக்கு நெகட்டிவ் என்று வந்தது. இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும்: ரத்த வகை நெகட்டிவ் என்பதும், கூம்ஸ் நெகட்டிவ் என்பதும் இரு வேறு செய்திகள். இரண்டாவது நெகட்டிவாக இருப்பது நல்லது. எதிர்ப்புரதம் இல்லை என்பதே அதன் பொருள். அப்படி இருப்பவர்களுக்கு இருபத்தெட்டாம் வாரத்தை ஒட்டி ஆன்டி-டி ஊசி போடப்படுகிறது. பிறந்த குழந்தையின் வகை பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை போட வேண்டும். தாயின் உடல் எதிர்ப்புரதத்தை உருவாக்கப் பழகுவதற்கு முன்பே, கலந்துவிட்ட சிவப்பணுக்களை இந்த ஊசி அகற்றிவிடுகிறது. ஆனால் எதிர்ப்புரதம் உருவான பிறகு ஊசியால் பயனில்லை. அப்போது அதன் அளவையும் குழந்தையின் நிலையையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கும். இருபத்தெட்டாம் வாரத்தில் ஊசிக்கு முன்பாகவே மறு பரிசோதனைக்கான ரத்தத்தை எடுக்கிறார்கள், ஏனெனில் ஊசியில் உள்ள எதிர்ப்புரதமே பரிசோதனையில் தெரிந்து குழப்பம் உண்டாக்கும்.

மற்றவை சுருக்கமாகவே நடந்தன. உயரம், எடை, ரத்த அழுத்தம் குறிக்கப்பட்டன. இப்போதைய ரத்த அழுத்தம் பதிவாகியிருந்தால்தான் பிற்பாடு உயரும்போது அது புதிதாக வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரித்தறிய முடியும். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இந்தக் காலத்தில் ரத்தசோகை என்று கொள்கிறார்கள். எனக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. சர்க்கரை, தைராய்டு, எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கடைசி மூன்றும் சந்தேகத்தின் பேரில் எடுக்கப்படுவன அல்ல, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவானவை. கண்டுபிடித்துவிட்டால் குழந்தைக்குப் பரவுவதைப் பெருமளவு தடுக்கச் சிகிச்சை உண்டு என்பதே காரணம். சிறுநீரைக் கொடுக்கும்போது, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொன்னார்கள். எரிச்சலே இல்லாமலும் கிருமித்தொற்று இருக்கலாம், மாதிரி சுத்தமாக இல்லாவிட்டால் முடிவு பயன்படாது.

எடுத்துக்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், அட்டைகளோடு கொண்டுபோவது மிகவும் உதவும். வலிப்பு, ரத்த அழுத்தம், முகப்பரு ஆகியவற்றுக்கான மருந்துகளில் சில கருவைப் பாதிக்கக் கூடியவை. ஆனாலும் வலிப்பு மருந்து போன்றவற்றை நாமாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது, மாற்றித் தருவது மருத்துவரின் பொறுப்பு. எனக்கு ஃபோலிக் அமில மாத்திரை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், பன்னிரண்டாம் வாரம் வரை தொடரும்படி எழுதப்பட்டது.

புறப்படும் முன், குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ரத்த வகையை மருத்துவர் பெரிய எழுத்தில் எழுதினார். இடையில் ரத்தப்போக்கோ, வயிற்றில் பலமான அடியோ ஏற்பட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்காமல் வர வேண்டும் என்றும், எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் எத்தனை வாரம் என்பதோடு நெகட்டிவ் வகை என்பதையும் உடனே சொல்ல வேண்டும் என்றும் கூறினார். ஊசி தேவையா என்பதை அந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.