இருபது மைக்ரோ செகண்ட் இருட்டு

தொழிற்கூடங்களின் கண்ட்ரோல் பேனல்களில் பதிக்கும் வெப்பநிலை காட்டிகளுக்கு ஃபர்ம்வேர் எழுதுவது என் வேலை. நான்கு சிவப்பு இலக்கங்கள், கீழே மூன்று பட்டன்கள். பார்த்தால் ஒன்றுமே இல்லாத பொருள். ஆனால் அந்த நான்கு இலக்கங்களை ஒழுங்காக எரியவைப்பதில் இருக்கும் நுணுக்கம், ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய புகாருக்குப் பிறகுதான் எங்கள் குழுவுக்கு முழுதாக விளங்கியது.

புகார் இதுதான்: அவர்களுடைய ஆட்கள் மணிக்கொரு முறை காட்டியை போனில் படம் எடுத்துப் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். படங்களில் பாதி இலக்கங்களைக் காணோம். 0185 என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 8 மட்டும் தெரிகிறது. சில படங்களில் ஓர் இலக்கத்தின் மேல்பாதியும் அடுத்ததன் கீழ்பாதியும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பத் தயாராகிவிட்டார்கள்.

கருவியில் பழுது எதுவும் இல்லை. நான்கு இலக்கங்களும் ஒரே நேரத்தில் எரிவதே கிடையாது. ஓர் இலக்கத்துக்குப் புள்ளியையும் சேர்த்து எட்டு செக்மென்ட்; தனித்தனியாக இழுத்தால் நான்குக்கும் 32 கம்பி வேண்டும். அதனால் நான்கு இலக்கங்களின் 'ஏ' செக்மென்ட்களையும் ஒரே கம்பியில் கோத்து, 'பி' செக்மென்ட்களை இன்னொன்றில் கோத்து, இப்படி எட்டுக் கம்பிகள். எந்த இலக்கம் எரியவேண்டும் என்று தேர்ந்தெடுக்க இலக்கத்துக்கு ஒன்றாக நான்கு கம்பிகள். ஆக 12 போதும். ஒரு கணத்தில் ஓர் இலக்கம்தான் எரியும். முறை மாற்றி மாற்றி வேகமாக எரியவிடுவதால் நான்கும் சேர்ந்து எரிவதாகக் கண் நம்பிக்கொள்கிறது.

எங்கள் பழைய ஃபர்ம்வேரில் ஓர் இலக்கத்துக்கு 2 மில்லி செகண்ட். நான்கும் ஒரு சுற்று வர 8 மில்லி செகண்ட், அதாவது நொடிக்கு 125 சுற்று. கண்ணுக்கு இது தாராளம். ஆனால் வெளிச்சமான இடத்தில் போன் கேமரா நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு, அதாவது 2 மில்லி செகண்ட் மட்டுமே திறந்து மூடும். அதற்குள் ஓர் இலக்கம், மிஞ்சினால் இரண்டின் துண்டுகள்தான் சிக்கும். படத்தை வரிவரியாக மேலிருந்து கீழாகப் பதிவு செய்வதால் பாதி வெட்டுப்பட்ட இலக்கங்களும் வந்து சேரும்.

இதற்குத் தீர்வு சுலபமாகத் தோன்றியது: சுழற்சியை வேகப்படுத்து. ஓர் இலக்கத்துக்கு 250 மைக்ரோ செகண்ட் என்று வைத்தால் ஒரு சுற்று 1 மில்லி செகண்டில் முடிந்துவிடும். கேமரா திறந்திருக்கும் 2 மில்லி செகண்டுக்குள் இரண்டு முழுச் சுற்று. டைமரில் ஓர் எண்ணை மாற்றினால் ஆயிற்று. மாற்றினோம், படங்கள் பளிச்சென்று வந்தன. ஆனால் விளக்கைக் குறைத்துப் பார்த்தால், அணைந்திருக்க வேண்டிய செக்மென்ட்கள் மங்கலாக எரிந்தன. ஓர் இலக்கத்தின் நிழல் பக்கத்து இலக்கத்தில் விழுந்திருந்தது.

குழுவில் இருந்த இளைஞர் கோடைத் திறந்து காட்டி வாதாடினார்: "முதல்ல எல்லா இலக்கத்தையும் ஆஃப் பண்றோம், அப்புறம் புது செக்மென்ட்டை எழுதறோம், அதுக்கப்புறம்தான் அடுத்த இலக்கத்தை ஆன் பண்றோம். வரிசை சரியாத்தானே சார் இருக்கு?" வரிசை சரிதான். அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரே குழாயில் குடங்களை மாற்றி மாற்றிப் பிடிக்கும்போது, குழாயை மூடிவிட்டுத்தான் குடத்தை நகர்த்த வேண்டும். அந்த ஒழுங்கு கோடில் இருந்தது. குழாய் உண்மையில் எப்போது மூடிக்கொள்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும், நிழல் பிரச்சினை யாருக்கு வந்தாலும் முதலில் செய்யவேண்டியது இது. இரண்டாவது இலக்கத்தில் மட்டும் 8 காட்டி, மற்ற மூன்றையும் வெறுமையாக விடுங்கள். இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சுழற்சி போவதாக வைத்துக்கொள்வோம். நிழல் மூன்றாவது இலக்கத்தில் விழுந்தால், இரண்டாவதன் செக்மென்ட்கள் கம்பியில் இருக்கும்போதே மூன்றாவதைத் தட்டி எழுப்பிவிட்டீர்கள் என்று பொருள். இது பெரும்பாலும் கோடில் உள்ள கோளாறு. இலக்கத்தை ஆன் செய்துவிட்டு அதற்குப் பிறகு எண்ணைப் பத்தால் வகுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இப்படி வரும். எங்கள் ஏவிஆர் மைக்ரோகண்ட்ரோலரில் வகுத்தலுக்கென்று தனி ஆணை கிடையாது, அதனால் அந்தக் கணக்கு நேரத்தைத் தின்னும். நிழல் முதல் இலக்கத்தில் விழுந்தால் கதை வேறு: இரண்டாவதன் செக்மென்ட்கள் வந்தபோது முதல் இலக்கம் இன்னும் அணைந்திருக்கவில்லை. அணைக்கச் சொன்னோம், அது அணையவில்லை.

எங்களுக்கு முதல் இலக்கத்தில் விழுந்தது. அந்த நொடியே கோடை விட்டுவிட்டு போர்டுக்குப் போகலாம் என்று தெரிந்துவிட்டது.

எங்களுடையது காமன் ஆனோட் டிஸ்ப்ளே. ஒவ்வோர் இலக்கத்தின் பொதுக்காலுக்கும் ஐந்து வோல்ட்டிலிருந்து ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் மின்சாரம் கொடுக்கிறது. செக்மென்ட்களின் வழியில் ஆளுக்கொரு 220 ஓம் ரெசிஸ்டர். (ரெசிஸ்டரைச் சிக்கனம் பிடிக்க இலக்கத்தின் பொதுக்காலில் ஒன்றே ஒன்று போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் இரண்டே செக்மென்ட் உள்ள 1 பளீரென்றும், ஏழும் எரியும் 8 சோகையாகவும் தெரியும்.) செக்மென்ட்டுக்கு ஏறத்தாழ 11 மில்லி ஆம்பியர், எட்டும் எரிந்தால் டிரான்சிஸ்டர் வழியே 90 சொச்சம். அதை நிச்சயமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று வடிவமைத்தவர் பேஸ் காலில் 1 கிலோ ஓம் போட்டு நான்கு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்திருந்தார். திறப்பதற்கு அது நல்லதுதான். மூடும்போதுதான் வினை. அளவுக்கு மீறித் திறந்து வைத்த டிரான்சிஸ்டரின் பேஸில் மின்னூட்டம் தேங்கி நிற்கும், அது வடிந்தால்தான் மூடும். மூடும்போது அதே 1 கிலோ ஓம் வழியாக வெளியேறும் மின்னோட்டம் முக்கால் மில்லி ஆம்பியர்கூட இல்லை. வந்த வேகத்தில் அது போக வழியில்லை.

ஆசிலாஸ்கோப்பை வைத்துப் பார்த்தோம். போர்ட்டில் அணைக்கும் ஆணை விழுந்த பிறகும் இலக்கத்தின் பொதுக்கால் ஏறத்தாழ 3 மைக்ரோ செகண்ட் மேலேயே நின்றது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எங்கள் மைக்ரோகண்ட்ரோலருக்கு ஒரு கடிகாரத் துடிப்பு 62.5 நேனோ செகண்ட். அடுத்தடுத்த வரிகளில் எழுதிய 'ஆஃப்', 'செக்மென்ட்' இரண்டும் நேனோ செகண்ட் கணக்கில் நடந்து முடிந்துவிட, டிரான்சிஸ்டர் மட்டும் சாவகாசமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பழைய ஃபர்ம்வேரிலும் இந்த 3 மைக்ரோ செகண்ட் இருந்தது, ஆனால் 8,000 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை. ஒழுங்காக எரியும் இலக்கத்துக்குக் கிடைத்த 2,000-உடன் ஒப்பிட்டால் நிழலின் பிரகாசம் 0.15 விழுக்காடு, யார் கண்ணிலும் படவில்லை. புதியதில் அதே 3 மைக்ரோ செகண்ட் 250-க்கு எதிரே நிற்கிறது: 1.2 விழுக்காடு. கண் மங்கலான வெளிச்சத்தைப் பெரிதுபடுத்திப் பார்க்கும் உறுப்பு. கறுப்புப் பின்னணியில் ஒரு விழுக்காடு நன்றாகவே தெரியும். ஆக, வேகத்தைக் கூட்டக் கூட்டப் படம் தெளியும், நிழலும் வளரும். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டோம்.

போர்டை மாற்ற முடியாது, நிறையக் கருவிகள் வெளியே போய்விட்டன. எனவே ஃபர்ம்வேரில்தான் இடைவெளி விட வேண்டும்: இலக்கங்களை அணை, செக்மென்ட்களையும் அணை, சிறிது நேரம் எல்லாம் இருட்டாக இருக்கட்டும், பிறகு அடுத்ததை எரியவிடு. எவ்வளவு நேரம்? அளந்தது 3 என்பதால் 5 போதும் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்பவில்லை. சூடானால் டிரான்சிஸ்டர் மூட இன்னும் நேரமாகும், பேனலுக்குள் சூட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு லாட்டுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் வேறு. 20 மைக்ரோ செகண்ட் வைத்தோம். 250-இல் 20 போனால் பிரகாசத்தில் 8 விழுக்காடு குறையும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

அந்த 20 மைக்ரோ செகண்டை இன்டரப்ட்டுக்குள்ளேயே நின்று காத்திருப்பதும் ஒரு வழி. வேலை செய்யும், ஆனால் மைக்ரோகண்ட்ரோலரின் நேரத்தில் 8 விழுக்காடு சும்மா நிற்பதிலேயே போய்விடும். டைமர் 1-இல் இரண்டு ஒப்பீட்டு எண்கள் இருக்கும்போது அது வீண். கடிகாரத்தை எட்டால் வகுத்தால் ஓர் எண்ணிக்கை 0.5 மைக்ரோ செகண்ட். `OCR1A` 499 என்றால் 250 மைக்ரோ செகண்டுக்கு ஒரு முறை டைமர் பூஜ்யத்துக்குத் திரும்பும், `OCR1B` 39 என்றால் அதிலிருந்து 20 மைக்ரோ செகண்டில் இரண்டாவது இன்டரப்ட் வரும்.

```c
ISR(TIMER1_COMPA_vect) {
    PORTB |= 0x0F;
    PORTD = 0xFF;
    pos = (pos + 1) & 3;
}
ISR(TIMER1_COMPB_vect) {
    PORTD = buf[pos];
    PORTB &= ~(1 << pos);
}
```

முதலாவது அணைக்கிறது, இரண்டாவது ஏற்றுகிறது. எண்ணை வகுப்பது, செக்மென்ட் வடிவமாக மாற்றுவது எல்லாம் வெளியே நடந்து `buf`-இல் தயாராக இருக்கும். கேட்காமலே ஒரு வசதியும் கிடைத்தது: `OCR1B`-ஐக் கூட்டினால் இருட்டு நீளும், டிஸ்ப்ளே மங்கும். 400 வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம். இரவு ஷிஃப்ட்டுக்கு அதை அமைப்பாகவே கொடுத்துவிட்டோம். 499-ஐத் தாண்டினால் மட்டும் அந்த இன்டரப்ட் வரவே வராது, டிஸ்ப்ளே செத்ததுபோல் கிடக்கும்.

நிழல் போயிற்று. ஆனால் கருவியை ஒரு கணினியோடு இணைத்து ஓடவிட்டபோது, எப்போதாவது ஒரு முறை லேசாக மினுக்கியது. இணைப்பைக் கழற்றினால் இல்லை. காரணம், தகவல் வாங்கும் சீரியல் இன்டரப்ட்டுக்குள்ளேயே முழுத் தகவலையும் சரிபார்க்கும் கணக்கு நடந்துகொண்டிருந்தது. அது 20 மைக்ரோ செகண்டை விட நீளம். அது முடியும்வரை நம்முடைய இரண்டு இன்டரப்ட்களும் வாசலில் நிற்கும். முடிந்ததும் முதலாவதும் இரண்டாவதும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியே இல்லாமல் ஓடும். பழைய நிழல் அந்த ஒரு தடவைக்குத் திரும்பி வரும்.

சரிபார்ப்பை வெளியே தள்ளி, சீரியல் இன்டரப்ட் ஒரு பைட்டை எடுத்து வைத்துவிட்டு உடனே திரும்பும்படி செய்தோம். அதோடு நிறுத்தாமல், அணைக்கும் இன்டரப்ட்டின் கடைசியில் இரண்டு வரி சேர்த்தோம். முழு வெளிச்சத்தில் அவை இப்படி இருக்கும்:

```c
    OCR1B = TCNT1 + 40;
    TIFR1 = (1 << OCF1B);
```

அணைத்த நேரத்திலிருந்தே 20 மைக்ரோ செகண்ட் எண்ணத் தொடங்கும். காத்திருந்த பழைய அழைப்பும் நீங்கிவிடும். மங்கலாக்கும் அமைப்பில் இருந்தால், அந்த எண்ணுக்கும் இதற்கும் எது பெரிதோ அது. அணைப்பது எவ்வளவு தாமதமானாலும் இருட்டு குறையாது, அந்த முறைக்கு அந்த இலக்கம் சற்றுக் குறைவாக எரியும், அவ்வளவுதான். நொடிக்கு ஆயிரம் சுற்றில் ஒன்றிரண்டு அப்படிப் போவதைக் கண்ணும் பார்க்கவில்லை, கேமராவும் பார்க்கவில்லை.