மாடியிலிருந்து எடுத்த படமும் தாத்தாவின் நேரான முகமும்

முகம் உரிந்துபோன பழைய குடும்பப் படத்தில், நேற்று இரவு பதினொன்றரை மணிக்குத் தாத்தாவின் முகம் சரியாக உட்கார்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த அப்பாவை எழுப்பிக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது அவரேதான்" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் ஐந்து வாரங்களாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

படம் 1987-இல் தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தன்று எடுத்தது. கும்பகோணம் வீட்டின் முற்றத்தில் எல்லோரும் நிற்க, தாத்தாவும் பாட்டியும் மாலையோடு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் முழுவதும் படத்தில் அடங்கவேண்டும் என்று படம் எடுத்தவர் மாடிக்கு ஏறிவிட்டார். பிறகு சட்டம் போட்டுக் கொடுத்த கடையில் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டை வைக்கவில்லை. இருபது மழைக்காலம் போனதில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. யாரோ பிரித்தெடுத்தபோது தாத்தாவின் புருவத்திலிருந்து மோவாய் வரை உரிந்து கண்ணாடியோடு போய்விட்டது. நெற்றி, தலைமுடி, இரண்டு காது, கழுத்து மட்டும் மிச்சம். நெகட்டிவ் கிடைக்கவில்லை. அதே வயதில் அவருக்கு இருக்கும் ஒரே தெளிவான முகம், ஓய்வூதியத் தாள்களில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் அளவுப் படம்தான். நேருக்கு நேர் பார்க்கும் முகம்.

முதல் முயற்சியில் அந்த நேர்முகத்தைப் படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளில் உயரவாட்டில் நசுக்கி, உரிந்த இடத்தில் வைத்தேன். அளவு பொருந்தியது, ஆள் பொருந்தவில்லை. கன்னம் உப்பிய வேறு யாரோ ஒருவர் தாத்தாவின் மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம் எளிது. மேலிருந்து பார்க்கும்போது முகம் ஒரு காகிதம் போல ஒரே சீராகக் குறுகுவதில்லை. முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது படத்தில் கீழே இறங்கும், பின்னால் இருப்பது மேலே ஏறும். மூக்கு நுனி மேலுதட்டை நோக்கி இறங்கி, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பாதி மறைக்கும். காதுகள் கண்ணை நோக்கி ஏறும். மேலுதடு சற்றே கீழ்நோக்கிய பரப்பு என்பதால் மெலியும். கீழுதடு மேல்நோக்கிய பரப்பு என்பதால் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நசுக்கினால் இரண்டு உதடும் ஒரே அளவில் மெலிகின்றன. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தவறு என்று மனம் உடனே சொல்லிவிடும்.

ஆகவே பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குப் போனேன். மனித உருவங்களைச் செய்து தரும் மேக்ஹியூமனிலிருந்து ஒரு வயதான ஆண் தலையை எடுத்து, பாஸ்போர்ட் படத்துக்கு முன்னால் நிறுத்தி, கண் மூலை, மூக்கு அடி, வாய் ஓரம், தாடை விளிம்பு எல்லாம் பொருந்தும்வரை இழுத்துச் சரிசெய்தேன். அந்தப் படத்தையே தலையின்மேல் வீசும் கேமராவை ஒன்றரை மீட்டர் தூரத்தில் வைத்தேன். ஸ்டூடியோவில் அவ்வளவு தூரத்திலிருந்துதான் எடுத்திருப்பார்கள். முற்றத்துப் படத்தைப் பார்க்கும் கேமரா ஏறக்குறைய ஆறரை மீட்டரில் இருக்கிறது. இந்த இரண்டு தூரத்தையும் ஒன்றாக வைத்துவிடாதீர்கள். பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் மூக்கு சற்றுப் பெரிதாகவும் காது சற்றுச் சிறிதாகவும் விழும். அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுத்து வீசினால்தான் அது தானாகவே நேராகும்.

இங்கே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வீணானது. படத்தைத் தலையின்மேல் வீசும் `UV Project` மாடிஃபையர் போட்ட பிறகு தலையைச் சாய்த்தால், தலை சாய்கிறது, முகம் சாய மறுக்கிறது. சுவரில் சினிமா ஓடும்போது சுவரை நகர்த்தினாற்போல, கண் நெற்றிக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. தலையை அசைப்பதற்கு முன்பே அதை `Apply` செய்து நிலைநிறுத்திவிட வேண்டும். அதற்கும் முன்னால் தலையின் வலையை, அதாவது மெஷ்ஷை, நன்றாகப் பிரித்து நுணுக்கமாக்க வேண்டும். பெரிய கட்டங்களாக இருந்தால் வீசிய படம் கட்டத்துக்குக் கட்டம் கோணும். மூக்கோரத்தில் அது நன்றாகத் தெரியும்.

இனி இந்தப் பதிவுக்கே காரணமான இடத்துக்கு வருகிறேன். தலையை எத்தனை டிகிரி சாய்ப்பது?

நான் வீட்டை அளந்தேன். பொங்கலுக்குப் போனபோது டேப் எடுத்துக்கொண்டு மாடிக்கே ஏறினேன். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தால், அது நாற்காலியில் அமர்ந்தவரின் கண்ணைவிட 4 மீட்டர் உயரம். தரையில் தூரம் 5 மீட்டர். கணக்குப் போட்டால் 39 டிகிரி வருகிறது. தலையை 39 டிகிரி சாய்த்தேன். தாத்தா தூங்கி வழிகிறவர் போல ஆனார். மூக்கு உதட்டின்மேல் விழுந்தது, மோவாய் காணாமல் போயிற்று. இரண்டு வாரம் மெஷ்ஷைத்தான் குறை சொன்னேன், மூக்கைக் குறைத்தேன், தாடையை நீட்டினேன். எதுவும் உதவவில்லை.

தவறு மெஷ்ஷில் இல்லை. 39 என்பது கேமராவின் கோணம். முகத்தின் கோணம் அது அல்ல. மாடியிலிருந்து படம் எடுக்கிறார் என்றால் கீழே இருப்பவர்கள் எல்லோரும் அண்ணாந்துதானே பார்ப்பார்கள்! தாத்தா எவ்வளவு அண்ணாந்தார் என்பதை உரிந்துபோன முகம் சொல்லாது, காது சொல்லும். நல்லவேளையாக அவருடைய இடது காது முழுசாக இருந்தது. நேர்முகத்தில் அவருக்குக் காது மடலின் அடி, மூக்கு அடியின் மட்டத்தில் இருக்கிறது. 39 டிகிரியில் அது புருவத்துக்கே ஏறிவிட வேண்டும். முற்றத்துப் படத்தில் கண்கள் இல்லை, ஆனால் பாட்டியின் முகத்தைக் கொண்டு தலையின் அளவை மதிப்பிட்டு, நெற்றியின் மிச்சத்திலிருந்து கண் இருக்கவேண்டிய இடத்தைக் குறித்தேன். காது மடலின் அடி அதற்குச் சற்றுக் கீழேயே நின்றது. மெஷ்ஷில் காது அந்த இடத்துக்கு வரும்வரை மெல்லச் சாய்த்துக்கொண்டே போனேன். 24 டிகிரியில் பொருந்தியது. அப்படியென்றால் தாத்தா 15 டிகிரி அண்ணாந்திருக்கிறார்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூக்கில் பார்க்கலாம். மூக்கு நுனி மேலுதட்டைவிட 2 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், 39 டிகிரியில் அது ஒன்றே கால் சென்டிமீட்டர் இறங்கும், 24 டிகிரியில் முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்த அரை சென்டிமீட்டரில்தான் தாத்தா இருந்தார்.

ஆனால் அந்த 2 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். நேர்முகப் படத்தில் மூக்கின் அகலமும் நீளமும் தெரியும், முன்னால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது தெரியவே தெரியாது. அத்தையிடம் கேட்டேன். "உன் அப்பாவைப் பக்கவாட்டில் பாரு, அதே மூக்கு, அதே வளைவு" என்றார். அப்பாவை ஜன்னலோரம் நிறுத்தி, கன்னத்தை ஒட்டி ஒரு ஸ்கேலை வைத்துப் பக்கவாட்டில் படம் எடுத்தேன். மெஷ்ஷின் மூக்கை அதற்கு ஏற்ப வளைத்தேன். அத்தை சொன்னது சரி.

அதற்குப் பிறகும் பார்வை தப்பியது. பாஸ்போர்ட் படத்தில் தாத்தா கேமராவைப் பார்க்கிறார். தலையைச் சாய்த்ததும் கண்ணும் கூடவே சாய்ந்து, அவர் முற்றத்துக் கோலத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பாட்டி உட்பட எல்லோரும் மேலே மாடியைப் பார்க்கிறார்கள். ஆகவே கருவிழியை மட்டும் தனியாக வெட்டி எடுத்து மேலே நகர்த்தினேன். அது மேலிமைக்குள் கொஞ்சம் புகுந்து, கீழே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். பாட்டியின் கண்ணைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதே அளவுக்கு விட்டேன். தாத்தா நிமிர்ந்து பார்த்தார்.

வெளிச்சம், நிறம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முற்றத்தில் உச்சி வெயில், ஆகவே புருவத்துக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் நிழல் போட்டேன். பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்திருந்ததால் முகம் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு பிக்சல் உயரம் இருந்தது. முற்றத்துப் படத்தில் அதே ஸ்கேனில் முந்நூறுதான். எல்லா வேலையையும் பெரிய அளவில் முடித்துக் கடைசியில் சுருக்கி, பக்கத்து முகங்களின் மங்கலும் மணல் போன்ற புள்ளிகளும் வரும்வரை கலந்தேன். முன்பே சுருக்கினால் கண்ணில் கைவைக்க முடியாது.

அந்தக் காலத்துப் படத்தாளில் தேன்கூடு போன்ற மேடுபள்ளம் உண்டு, ஸ்கேன் செய்தால் புள்ளிப் புள்ளியாக மின்னும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து, இரண்டையும் அடுக்கி, இருண்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் போய்விடும். ஸ்கேனர் வாங்க நினைப்பவர்கள் பழையதாக இருந்தாலும் சிசிடி வகையைத் தேடுங்கள். சுருண்ட படத்தின் ஓரங்கள் அதில்தான் மங்காமல் விழுகின்றன.

மாடிப் படம் இப்படி முடிந்தது என்ற தைரியத்தில் இன்று காலை சித்தப்பா கல்யாணப் படத்தைச் சரிசெய்யக் கையில் எடுத்தேன். தாத்தா மேடைமேல் நிற்கிறார், படம் எடுத்தவர் கீழே, மேடையை ஒட்டி. இங்கே முகம் கீழிருந்து சுமார் 30 டிகிரி. எல்லாம் தலைகீழாகிறது. காது வாய் மட்டத்துக்கு இறங்குகிறது, மூக்கு நுனி கண்ணை நோக்கி ஏறுகிறது. அதே மெஷ், அதே முறை. ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை.

மேலிருந்து பார்க்கும்போது புதிதாகத் தெரியவருவது நெற்றியும் உச்சியும். அவை மூலப் படத்திலேயே மிச்சமிருந்தன. கீழிருந்து பார்க்கும்போது தெரியவருவது மூக்குத் துவாரம், மோவாயின் அடி, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் தொங்கும் தோல். இவை எதுவும் பாஸ்போர்ட் படத்தில் இல்லை. நேராகப் பார்த்த கேமரா அந்தப் பரப்புகளை ஓரமாகத் தொட்டுக்கொண்டு போயிருக்கிறது. அங்கே இருக்கும் நான்கைந்து பிக்சல்களை மெஷ் இழுத்து நீட்டுகிறது. மோவாயின் கீழே தாடி மயிர் கோடு கோடாக, மழை வழிந்த சுவர் மாதிரி தெரிகிறது. மூக்குத் துவாரம் இருக்கவேண்டிய இடத்தில் நிழலின் ஒரு கறை. கோணத்தை 20 டிகிரியாகக் குறைத்தாலும் கோடுகள் குறைகின்றனவே தவிர மறையவில்லை. கழுத்து 30-இல் இருப்பதால் தலை அதன்மேல் உட்காரவும் மறுக்கிறது.

இல்லாத பரப்பை வேறு முகத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அப்பாவை மாடிப்படியின் நான்காவது படியில் நிற்கவைத்து, கீழிருந்து 20, 25, 30 டிகிரியில் மூன்று படங்கள் எடுத்துவிட்டேன். மூக்குத் துவாரம் அப்படியே பொருந்துகிறது. மோவாயின் அடி பொருந்தவில்லை. அப்பாவுக்கு இப்போது எழுபது, படத்தில் தாத்தாவுக்கு ஐம்பத்தைந்து. தோல் இரண்டு மடிப்பு கூடுதலாகத் தொங்குகிறது. அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு. தாடை தாத்தாவுடையது என்று அத்தை எப்போதும் சொல்வார். சனிக்கிழமை அவன் வருகிறான். இரண்டு நாள் தாடியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.