மாமா கடை லாபம் குறைந்த கதையை ஒரு படத்தில் வரைந்தது

சுங்கை சிப்புட்டில் மாமா நடத்தும் சாப்பாட்டுக் கடை 2024இல் 48,000 ரிங்கிட் லாபம் பார்த்தது. 2025இல் 38,500. விற்பனையோ 3,00,000இலிருந்து 3,13,500 ஆக ஏறியிருந்தது. "வியாபாரம் கூடியிருக்கு, காசு எங்கடா போச்சு?" என்று கேட்டார். வாட்டர்ஃபால் சார்ட் வரைந்து காட்டலாம் என்று உட்கார்ந்தேன். இடது ஓரத்தில் போன வருட லாபம், வலது ஓரத்தில் இந்த வருட லாபம், இடையில் ஏற்றியதும் இறக்கியதும் வரிசையாகத் தூண்கள்.

கணக்கர் கொடுத்த தாளை அப்படியே போட்டால் நான்கே தூண்கள்: விற்பனை +13,500, சமையல் பொருள் −6,000, சம்பளம் −15,200, மற்றவை −1,800. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்குச் சம்பளம் மட்டும்தான் குற்றவாளி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,500இலிருந்து 1,700 ஆனது. ஆறு பேருக்குப் பதினொரு மாதம், அதோடு ஈபிஎஃப், சொக்சோ. அந்தத் தொகை சரிதான். விற்பனைத் தூண்தான் இரண்டு விஷயங்களை ஒன்றாக ஒளித்து வைத்திருந்தது. மாமா ரொட்டி சானாயை 1.50இலிருந்து 1.80 ஆக்கியிருந்தார், மற்றவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றியிருந்தார்.

அதைப் பிரிக்கக் கல்லாப்பெட்டி மெஷினின் ஐட்டம் ரிப்போர்ட் போதும். இந்த வருடம் விற்ற எண்ணிக்கையைப் போன வருட விலையால் பெருக்கிக் கூட்டினேன்: 2,85,000 வந்தது. ஆக, விலை ஏற்றியதால் கிடைத்தது 28,500. பழைய விலையில் பார்த்தால் வியாபாரம் 15,000 குறைந்திருக்கிறது. போன வருடம் பொருள் செலவு விற்பனையில் நாற்பது சதவீதம் என்பதால் அதில் 6,000 மிச்சமாகியிருக்கும். நிஜ இழப்பு 9,000. அதே விகிதத்தில் 2,85,000க்குப் பொருள் செலவு 1,14,000தான் வர வேண்டும். ஆனது 1,26,000. அந்த 12,000 பொருள் விலையேற்றம். வீணான சரக்கும் அதிலேயே அடங்கும். அதைத் தனியாகப் பிரிக்க நம் கடை பில்கள் பத்தாது.

எக்ஸலில் செலவு கூடினால் மைனஸ் போட வேண்டும். கணக்கர் தாளில் எல்லாச் செலவும் பிளஸ்ஸாகவே இருக்கும் என்பதால் கவனம் தேவை. B2இல் போன வருட லாபம், B3 முதல் B7 வரை ஐந்து மாற்றங்கள் (விலை ஏற்றியது, குறைந்த வியாபாரம், பொருள், சம்பளம், மற்றவை), B8இல் கணக்கர் தந்த இந்த வருட லாபம். பக்கத்தில் ஒரு சோதனை:

```
=B8-SUM(B2:B7)
```

பூஜ்யம் வராவிட்டால் வரையவே வேண்டாம். வரைந்ததும் கடைசித் தூண் 38,500க்கு மேலே ஏறி 77,000 வரை அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு தூணை மட்டும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் `Set as total` கொடுத்தால் தரைக்கு வந்துவிடும். முதல் தூணுக்கும் அதையே கொடுத்தால் இரண்டும் ஒரே நிறமாகும்.

புதுப் படத்தில் பொருள், சம்பளம், மற்றவை மூன்றும் சேர்ந்து 29,000. மாமா விலை ஏற்றியதால் வந்தது 28,500. கிட்டத்தட்ட ஈடாகிவிட்டது. மிச்சம் உறுத்துவது அந்த 9,000, அதாவது குறைந்துபோன வியாபாரம். ரொட்டி விலை ஏற்றியதால்தான் ஆள் குறைந்ததா என்பதை இந்தப் படம் சொல்லாது. அதற்கு மாதவாரியாக ரொட்டி எண்ணிக்கையை எடுத்து, விலை மாறிய மாதத்துக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்க்க வேண்டும். மாமா இப்போது அந்த ரிப்போர்ட்டைத்தான் பிரிண்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.