ஒழுகாத கூரைக்கு ஒரு சாட்சி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் கூரை ஒழுக்கு அடைக்கிற வேலை செய்கிறேன். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்பே, "இதுக்கு முன்னால யார் வீட்டுல செஞ்சீங்க?" என்றுதான் கேட்பார்கள். ஏற்கனவே வேலை கொடுத்த ஒருவருடைய வாய்ச்சொல் கையில் இருந்தால் பேச்சு சுலபமாக முடியும். அதை அவரிடம் எப்போது கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வேலை முடிந்து பாக்கிப் பணம் வாங்கும்போது நான் கேட்பதில்லை. காசு எண்ணுகிற மனிதருக்கு விலைதான் மனதில் நிற்கும். அதோடு, மழை பெய்யாமல் கூரை ஒழுகவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நேரத்தில் அவர் சொல்லக்கூடியது, "நல்ல பையன், சொன்ன நேரத்துக்கு வந்தான்" என்பது மட்டும்தான்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டு வேலையைச் சொல்கிறேன். பழைய தகரக் கூரை, நடுவில் புகைபோக்கி. புகைபோக்கிச் சுவரும் தகரமும் சேரும் இடத்தில் அடித்திருந்த மடிப்புத் தகரம் துருப்பிடித்து, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, முன்னறை சீலிங்கில் பெரிய கறை. மார்ச் மாதம் துருப்பிடித்ததைக் கழற்றிப் புதிதாக அடித்து, ஓரம் முழுக்கப் பூச்சு வைத்து முடித்தோம்.

ஏப்ரலில் பின்னேர இடிமழை பெய்ததும், "ஒழுகல தம்பி, ரொம்ப சந்தோசம்" என்று டீச்சரே வாட்ஸ்அப்பில் எழுதினார். நன்றி சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த மழை பெரும்பாலும் நேராக விழும். புகைபோக்கி ஓரத்தைச் சோதிப்பது காற்றோடு சாய்ந்து அடிக்கிற தென்மேற்குப் பருவ மழை. அது எங்கள் பக்கம் மே கடைசியில்தான் பிடிக்கும். ஏப்ரலில் பாராட்டு எழுதி வாங்கிவிட்டு, ஜூனில் அவர் முன்னறையில் வாளி வைக்க நேர்ந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஜூனில் ஒரு ராத்திரி முழுக்கக் காற்றும் மழையுமாக இருந்தது. மறுநாள் காலை நானே போன் எடுத்தேன். பாராட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. "டீச்சர், புகைபோக்கி ஓரம் ஈரம் எதுவும் தெரியுதா? அந்தக் கறை பெரிசாகியிருக்கா?" என்று மட்டும் கேட்டேன். ஒழுகியிருந்தால் அன்றைக்கே ஏணியோடு போயிருப்பேன். "இல்ல தம்பி, இப்பதான் தொட்டுப் பாத்தேன், காஞ்சு கிடக்கு. வழக்கமா இந்த மழைக்கு சோபாவ இழுத்துப் போட்டுட்டுத்தான் படுப்பேன்" என்றார். உடனே கேட்டேன்: "இத மத்தவங்களுக்குக் காட்டுற மாதிரி எழுதித் தருவீங்களா டீச்சர்? விருப்பமில்லன்னா பரவாயில்ல."

சரி என்றார். சாயங்காலம் வந்தது, "வேலை நன்று. வாழ்த்துகள்." கல்யாண வீட்டு மொய்க் கவரில் எழுதுகிற மாதிரி! அதில் என்ன வேலை, என்ன பிரச்சினை என்று எதுவும் இல்லை. திரும்ப எடுத்து மூன்று கேள்வி கேட்டேன்: முன்னால் எப்படி இருந்தது, என்னைக் கூப்பிடத் தயங்கினீர்களா, இப்போது என்ன மாறியிருக்கிறது. சோபா கதை மறுபடி வந்தது. முன்பு ஒருவர் தார் பூசிவிட்டுப் போய் அதே வருடம் ஒழுகியதால் தயங்கியதாகவும் சொன்னார். பனிமூட்டத்தால் பூச்சு காயாமல் வேலை இழுத்ததில் தனக்கு எரிச்சல்தான் என்றார். அதையும் சேர்த்து அவர் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டினேன். "எரிச்சல" எடுத்துவிடலாமா என்று அவரே கேட்டார். இருக்கட்டும் என்றேன். குறையே இல்லாத பாராட்டை நானே வாசித்தால் நம்ப மாட்டேன். பெயர் வேண்டாம், "ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹட்டன்" என்று போட்டால் போதும் என்றார், அப்படியே போட்டேன். கறையின் படத்தைக் காட்டவும் தனியாகச் சம்மதம் வாங்கினேன்.

போனில் பேசச் சம்மதிப்பது இதைவிடப் பெரிய உதவி. பண்டாரவளையில் ஒரு விருந்தினர் விடுதிக்காரர், முன்பு வேலை கொடுத்த யாரோடாவது பேச வேண்டும் என்றார். அவரிடம் நம்பரைக் கொடுக்கும் முன் டீச்சரிடம் கேட்டேன்: இன்னார் எடுப்பார், புகைபோக்கி ஓரத்தைப் பற்றித்தான் கேட்பார், எந்த நேரம் வசதி? அவர் சொன்ன நேரத்தில்தான் விடுதிக்காரரை எடுக்கச் சொன்னேன். எல்லாருக்கும் அந்த நம்பரைக் கொடுப்பதில்லை. வேலை கிட்டத்தட்ட உறுதியான பிறகுதான்.

விடுதி வேலை கிடைத்தது, ஆகஸ்டில் முடித்தோம். பண்டாரவளைப் பக்கம் தென்மேற்கு மழை அவ்வளவாக வராது. ஒக்டோபரில் தொடங்கும் மழையும் அதன் பின்னால் வரும் வடகிழக்குப் பருவமும்தான் அங்கே கனமானவை. அதனால் அவரிடம் இன்னும் கேட்கவில்லை. போனில் டிசம்பருக்கு நினைவூட்டல் போட்டு வைத்திருக்கிறேன்.